22 கோடித் திட்டத்தில் டின் கொடுத்தவருக்கு எவ்வளவு கிட்டும்?

விளவங்கோடு வட்டத்தில் இரண்டு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, நடத்திவந்த ஒரு முந்திரி ஏற்றுமதி நிறுவனம் வங்கிக் கடனைக் கட்டமுடியாமல் நின்றது. வங்கி, திவால் சட்டத்தின் 7ஆம் பிரிவின்கீழ் மனுப் போட, சென்னையில் உள்ள நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதை ஏற்றது. வழக்கம்போல பழைய கடன் வசூலை நிறுத்திவைக்கும் மொரட்டோரியம் வந்தது, இயக்குநர்கள் ஒதுக்கப்பட்டார்கள், அவர்கள் இடத்தில் கம்பெனியை நடத்தத் தீர்வு நிபுணர் பொறுப்பேற்றார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, ஆலையை எடுத்து நடத்த முன்வந்த ஒருவர் கொடுத்த தீர்வுத் திட்டத்தைக் கடனீந்தோர் குழு வாக்களித்து ஏற்றது. தீர்ப்பாயமும் 31ஆம் பிரிவின்கீழ் ஒப்புதல் கொடுத்துவிட்டது. அந்த ஒப்புதல் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் மார்த்தாண்டம் பக்கம் டின்னும் அட்டைப்பெட்டியும் செய்து விற்கும் ஒருவர் நாகர்கோவிலில் என்னிடம் வந்தார். பருப்பை 11.34 கிலோ டின்னில் அடைத்து, இரண்டு டின்னுக்கு ஒரு பெட்டி என்று அனுப்பும் ஆலை அது. அந்த டின்னும் பெட்டியும் இவருடையவை. ஆட்களை அடையாளம் காண முடியாதபடி தொகைகளையும் சில விவரங்களையும் மாற்றி எழுதியிருக்கிறேன். கணக்கின் போக்கு மட்டும் நடந்தபடியே இருக்கிறது.

அவருடைய கேள்வி ஒன்றுதான். "சாரே, 22 கோடித் திட்டம்னு சொல்லுகாவ. எனக்கு எவ்வளவு கிட்டும், எப்போ கிட்டும்?"

22 கோடி என்ற எண் அவருக்கு வந்த வழி சுவையானது. சரக்குக் கொடுத்தவர், சேவை செய்தவர், தொழிலாளி, வரித்துறை எல்லோரையும் இந்தச் சட்டம் ஆபரேஷனல் கிரெடிட்டர் என்ற ஒரே கூடையில் போடுகிறது. அவர்களுடைய பாக்கி எல்லாம் சேர்ந்து மொத்தக் கடனில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், அவர்களின் பிரதிநிதி கடனீந்தோர் குழுக் கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். வாக்கு மட்டும் கிடையாது. இங்கே ஒரு லாரி உரிமையாளர் அப்படி உட்கார்ந்தார். கூட்டத்தில் காதில் விழுந்த பெரிய எண்ணை வெளியே வந்து சொன்னார். சரக்குக் கடன் எல்லாம் சேர்த்தே 9 கோடிதானே, 22 கோடி வருகிறதே, பாதியாவது கிட்டாதா என்பது இவர்களின் கணக்கு.

திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் 22 கோடியில் 6 கோடி யாருக்கும் கொடுக்கும் பணமே இல்லை. ஆலையை வாங்குபவர் கச்சா அண்டி வாங்கவும் எந்திரம் மாற்றவும் இரண்டு ஆண்டில் போடப்போகும் நடைமுறை மூலதனம் அது. பழைய கடனுக்காக வெளியே போகும் தொகை 16 கோடி. எந்தத் தீர்வுத் திட்டத்தைச் சுருக்கினாலும் நான் முதலில் போடும் கோடு இதுதான்: கடனீந்தோருக்குப் போவது எவ்வளவு, கம்பெனிக்குள்ளேயே இருக்கப்போவது எவ்வளவு. ஏலத்தில் போட்டியிடும் விண்ணப்பதாரர் இரண்டையும் கூட்டிச் சொல்வது இயல்பு. வாசிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

வரிசை ஒன்றல்ல, இரண்டு

டின்காரர் ஆணையில் ஒரு வரியை மஞ்சள் பேனாவால் அடிக்கோடிட்டிருந்தார். ஆபரேஷனல் கிரெடிட்டர்களுக்கு வங்கிகளுக்கு முன்பாகப் பணம் தரப்படும் என்ற வரி. "அப்போ நாமதானே முதல்ல?" என்றார். ஆமாம், முதலில்தான். ஆனால் அது எப்போது தருவது என்பதைப் பற்றிய முதன்மை. எவ்வளவு தருவது என்பதைத் தீர்மானிக்கும் வரிசை வேறு, அதில் அவர் ஏறக்குறையக் கடைசி.

எவ்வளவு என்பதற்கான வரிசை திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவில் இருக்கிறது. கம்பெனியைக் கலைத்து விற்றால் வரும் பணம் எப்படி இறங்கும் என்பது அந்தப் பிரிவு. முதலில் திவால் நடவடிக்கைச் செலவு முழுவதும். அதற்கு அடுத்த படியில் இருவர் ஒன்றாக நிற்கிறார்கள்: தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கியும், அடமானச் சொத்தைத் தனியாக விற்காமல் பொதுவில் விட்டுக்கொடுத்த வங்கிகளும். அதற்குக் கீழே மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம், பிறகு அடமானம் இல்லாத நிதிக் கடன், பிறகு அரசுக்குரிய இரண்டாண்டுப் பாக்கி. இவர்கள் எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சினால் மீதிக் கடன்கள் என்ற படி வரும். டின், பெட்டி, லாரி வாடகை, விறகு எல்லாம் அந்தப் படியில். அதற்கும் கீழே இருப்பவர்கள் பங்குதாரர்கள் மட்டுமே. வருங்கால வைப்பு நிதியும் கிராஜுவிட்டி நிதியும் இந்த வரிசைக்குள்ளேயே வருவதில்லை. அவை கலைப்புச் சொத்தில் சேராது என்று 36ஆம் பிரிவு சொல்வதால் முன்னாலேயே கழிந்துவிடும்.

தீர்வுத் திட்டத்தில் ஆலை கலைக்கப்படவில்லையே, 53ஆம் பிரிவு எதற்கு? 30ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு ஆபரேஷனல் கிரெடிட்டருக்கு ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கிறது. இரண்டு கணக்குப் போட வேண்டும். கம்பெனியைக் கலைத்திருந்தால் அவருக்கு என்ன வந்திருக்கும் என்பது ஒன்று. திட்டத்தில் பகிரப்படும் தொகையையே 53ஆம் பிரிவு வரிசையில் இறக்கினால் என்ன வரும் என்பது மற்றொன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையாமல் தர வேண்டும். இரண்டாவது கணக்கு 2019 திருத்தத்தில் சேர்ந்தது.

இந்த ஆலையின் கலைப்பு மதிப்பு 14 கோடி என்று ஒப்புதல் ஆணையிலேயே இருந்தது. அதில் திவால் நடவடிக்கைச் செலவு 90 லட்சம், பிஎஃப்-கிராஜுவிட்டி 70 லட்சம் போனால் மீதி 12 கோடியே 40 லட்சம். கலைத்தால் வரும் கூடுதல் செலவை இங்கே விட்டுவிடுகிறேன். சேர்த்தால் எண் இன்னும் இறங்கும். அடுத்த படியில் வங்கிகள் 41 கோடி, தொழிலாளர்கள் 1 கோடியே 60 லட்சம், ஆக 42 கோடியே 60 லட்சம் கேட்டு நிற்கிறது. 12.40-ஐ 42.60-க்குப் பகிர்ந்தால் ரூபாய்க்கு 29 காசு. பணம் அந்தப் படியிலேயே வற்றிவிடுகிறது. இரண்டாவது கணக்கில் 14-க்குப் பதில் 16 கோடி. 14 கோடியே 40 லட்சத்தை அதே 42.60-க்குப் பகிர்ந்தால் ரூபாய்க்கு சுமார் 34 காசு. அப்போதும் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆகவே தொழிலாளர்களுக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு, சுமார் 54 லட்சம். டின்காரருக்குக் கீழ்வரம்பு பூஜ்யம். இதை அவருக்குச் சொல்வது எளிதாக இல்லை. வேறுவிதமாகச் சொல்லிப் பார்த்தேன்: அவருக்கு மேலே நிற்பவர்களின் பாக்கியைக் கூட்டினால் 51 கோடியே 50 லட்சம். அந்த எண்ணைத் தாண்டி ஆலைக்கு விலை கிடைத்திருந்தால்தான் சட்டப்படி அவருடைய படியில் முதல் ரூபாய் விழும்.

திட்டம் உண்மையில் பகிர்ந்த விதம் இது. தொகைகள் கோடியில்.

| யாருக்கு | ஏற்கப்பட்டது | திட்டம் தருவது | சதவீதம் |
|---|---|---|---|
| திவால் நடவடிக்கைச் செலவு | 0.90 | 0.90 | 100 |
| பிஎஃப், கிராஜுவிட்டி | 0.70 | 0.70 | 100 |
| தொழிலாளர் 24 மாதப் பாக்கி | 1.60 | 0.80 | 50 |
| அடமானம் உள்ள வங்கிகள் | 41.00 | 13.00 | 31.7 |
| மற்ற ஊழியர்கள் | 0.20 | 0.05 | 25 |
| அடமானம் இல்லாத நிதிக் கடன் | 5.00 | 0.05 | 1 |
| அரசு வரிகள் | 2.10 | 0.05 | 2.4 |
| சரக்கு, சேவை கொடுத்தவர்கள் | 9.00 | 0.45 | 5 |
| மொத்தம் | 60.50 | 16.00 | |

ஒன்று கவனிக்கத் தக்கது. சட்டத்தின் ஏணியில் சரக்குக் கொடுத்தவர்கள் அடமானமில்லா நிதிக் கடனுக்கும் அரசுக்கும் கீழே. ஆனாலும் அவர்களுக்கு 5 சதவீதம், மற்ற இருவருக்கும் அதைவிடக் குறைவு. காரணம் இரக்கம் இல்லை. ஆலையை எடுப்பவர் அடுத்த மாதம் டின் வாங்க வேண்டும், லாரி பிடிக்க வேண்டும், விறகு இறக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் அந்த வேலை செய்பவர்கள் எண்ணி எடுக்கும் அளவுதான், ஒருவர் முகம் சுளித்தால் மற்றவருக்கும் தெரிந்துவிடும். அந்த 45 லட்சம் வியாபாரக் கணக்கில் போட்ட பணம். சட்டம் கட்டாயப்படுத்தியது அல்ல. எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: கீழ்வரம்பும் முன்னுரிமையும் காக்கப்பட்டிருந்தால், யாருக்கு எவ்வளவு என்பது கடனீந்தோர் குழுவின் வணிக முடிவு. வங்கிக்கு 31, எனக்கு 5 என்பது சமமில்லையே என்று கேட்டுத் தீர்ப்பாயத்தில் வெல்ல முடியாது.

5 சதவீதம் எதன் மேல்

டின்காரர் தீர்வு நிபுணரிடம் பி படிவத்தில் கோரியது 48 லட்சத்து 60 ஆயிரம். ஏற்கப்பட்டது 36 லட்சம். விட்டுப்போன 12 லட்சத்து 60 ஆயிரத்தில் 10 லட்சத்து 20 ஆயிரம் வட்டி. பில்லின் அடியில் 18 சதவீத வட்டி என்று அச்சடித்திருக்கிறார், ஆனால் வாங்கியவர் ஒப்புக்கொண்ட ஒப்பந்தமோ கையெழுத்தோ இல்லை என்று தீர்வு நிபுணர் தள்ளினார். மீதி 2 லட்சத்து 40 ஆயிரம், மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று ஆலை திருப்பி அனுப்பிய டின்களுக்கான டெபிட் நோட்டு. அதை அவர் ஏற்கவே இல்லை, மறுப்புக் கடிதமும் அனுப்பவில்லை.

இதற்காக 60ஆம் பிரிவில் மனுப் போடலாமா என்று கேட்டார். இங்கேதான் சதவீதத்தை எதிர்ப்பக்கமாகப் பயன்படுத்த வேண்டும். விட்டுப்போனது முழுவதையும் மீட்டாலும் 12.60 லட்சத்தில் 5 சதவீதம், 63 ஆயிரம் ரூபாய். சென்னையில் வழக்கறிஞர் வைத்து இரண்டு முறை வாய்தா போனால் அது தீர்ந்துவிடும். திட்டம் ஒப்புதலான பிறகு உரிமைத் தொகையைத் திறப்பது அதைவிடக் கடினம். விட்டுவிடச் சொன்னேன்.

அதைவிடக் கவலை தந்தது வேறொரு வரி. திட்டம் 5 சதவீதம் தருவதாக எங்கும் எழுதவில்லை. சரக்கு, சேவை கொடுத்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 45 லட்சம் என்று ஒரே தொகையை வைத்து, ஏற்கப்பட்ட தொகைக்கு ஏற்பப் பகிரச் சொல்கிறது. 5 சதவீதம் என்பது 45 லட்சத்தை 9 கோடியால் வகுத்ததன் விடை. வகுக்கும் எண் கூடினால் விடை குறையும். ஒரு குளிர்பதனக் கிட்டங்கிக்காரரின் 1 கோடி ரூபாய் கோரிக்கை இன்னும் முடிவாகாமல் இருப்பதாக ஆணையின் இணைப்பில் சிறிய எழுத்தில் இருந்தது. அது ஏற்கப்பட்டால் 45 லட்சம் 10 கோடிக்குப் பகிரப்படும், 4.5 சதவீதம். டின்காரரின் பங்கு 1,80,000-இலிருந்து 1,62,000 ஆகிவிடும். அதனால் அவருக்கு எழுதிக்கொடுத்த சுருக்கத்தில் ஒரு எண்ணாக எழுதாமல் இரண்டையும் எழுதினேன். நிலையான தொகையா, நிலையான சதவீதமா என்பதைத் திட்டத்தின் வரையறைப் பகுதியில்தான் பார்க்க வேண்டும். ஆணையில் வரும் அட்டவணை இரண்டையும் ஒரேமாதிரி காட்டும்.

திவால் நடவடிக்கைச் செலவு கூடினால் யார் தலையில் விழும் என்பதும் அதே பகுதியில்தான் இருந்தது. 90 லட்சம் மதிப்பீடு மட்டுமே. கூடுதலாக வருவதை வங்கிகளின் பங்கிலிருந்து கழிப்பது என்று இந்தத் திட்டம் சொன்னது. எல்லோரிடமிருந்தும் விகிதப்படி என்று எழுதியிருந்தால் அந்த 45 லட்சமும் கரையும். அப்படி எழுதிய திட்டங்களையும் பார்த்திருக்கிறேன்.

முழுசாகக் கிட்ட வேண்டிய பாக்கி

அவருடைய லெட்ஜரை வாங்கிப் பார்த்தபோது நிலுவை 40 லட்சம் என்று நின்றது. கோரிக்கையின் அசல் 38 லட்சத்து 40 ஆயிரம். 1 லட்சத்து 60 ஆயிரம் எங்கிருந்து கூடியது?

தீர்வு நிபுணர் பொறுப்பேற்ற பிறகும் ஒரு ஆலை ஓடியது. கைவசம் இருந்த ஏற்றுமதி ஆர்டரை முடிக்க டின் தேவைப்பட்டது. தீர்வு நிபுணரின் அலுவலகம் மின்னஞ்சலில் ஆர்டர் போட, இவர் 4 லட்சத்து 10 ஆயிரத்துக்குச் சரக்கு அனுப்பினார். 2 லட்சத்து 50 ஆயிரம் வங்கியில் வந்தது. இவருடைய கணக்கர் வழக்கப்படி அந்த வரவைப் பழைய பில்களில் கழித்துவிட்டார். புதிய பில் எல்லாமே பாக்கி, பழைய பாக்கி கொஞ்சம் குறைந்தது என்று புத்தகம் காட்டியது.

நடந்தது நேர்மாறு. மொரட்டோரியம் ஓடும்போது பழைய பாக்கிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க முடியாது. வந்த 2.50 லட்சம் புதிய சரக்குக்கு மட்டுமே. புதிய சரக்கில் பாக்கி 1,60,000. இந்தப் பாக்கி ஆபரேஷனல் கடனே அல்ல. ஆலையை ஓட்ட தீர்வு நிபுணர் செய்த செலவு என்பதால் 5ஆம் பிரிவின்படி அது திவால் நடவடிக்கைச் செலவு. அட்டவணையின் முதல் வரி, நூற்றுக்கு நூறு. 36 லட்சத்துக்கு 1.80 லட்சம் கிட்டும்போது 1.60 லட்சத்துக்கு 1.60 லட்சமே கிட்டுகிறது. இரண்டு பில்லும் ஒரே கிட்டங்கியிலிருந்து ஒரே லாரியில் போனவை. நடுவில் ஒரு தேதி, திவால் தொடங்கிய நாள், எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

ஆனால் தீர்வு நிபுணரின் செலவுப் பட்டியலில் இந்தப் பில் இல்லை. ஆலையின் பழைய கணக்குப் பிரிவு அதை வாங்கிப் பழைய சப்ளையர் கணக்கிலேயே ஏற்றியிருந்தது. இதை உடனே எழுதவில்லையென்றால் கதை முடிந்துவிடும். ஒப்புதலான திட்டத்தில் இடம்பெறாத கோரிக்கை அழிந்துவிடும் என்று 2021 ஏப்ரலில் கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும். ஆர்டர் போட்ட மின்னஞ்சல், டெலிவரி சலான், இ-வே பில், வங்கி வரவு நான்கையும் சேர்த்து அனுப்பினோம். ஒரு வாரத்தில் செலவுப் பட்டியலில் சேர்த்ததாகப் பதில் வந்தது. கூடுதல் செலவு வங்கிப் பங்கிலிருந்து கழியும் என்ற அந்த வரி இருந்ததால் மற்ற சப்ளையர்களின் 45 லட்சத்திலும் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.

திவால் தொடங்கிய பிறகு சரக்கு அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்வது: அந்த நாளிலிருந்து புதிய லெட்ஜர் தொடங்குங்கள். வரும் பணம் அதில் மட்டும் ஏறட்டும்.

எப்போது

ஆணை வந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. திட்டம் நடைமுறை நாள் என்று ஒன்றை வரையறுத்திருந்தது: ஆணை பிறந்த 30ஆம் நாள். அதிலிருந்து 30 நாளுக்குள் செலவுகள், பிஎஃப், தொழிலாளர், சரக்குக் கடன் என்று எல்லாம். வங்கிகளுக்கு அதன்பிறகு 5 கோடி, மீதி 8 கோடி 24 மாதத் தவணையில். ஆக டின்காரருக்கு ஆணையிலிருந்து சுமார் 60 நாள்.

மஞ்சள் கோடு போட்ட அந்த முன்னுரிமை வரியின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. நடைமுறை விதிகளின் 38ஆம் விதி ஆபரேஷனல் கிரெடிட்டருக்கு முதலில் கொடு என்று சொல்வதால் தொகை கூடவில்லை. ஆனால் ஆலையை எடுத்தவர் பத்தாவது மாதம் கை விரித்தால் என்னாகும்? திட்டத்தை மீறியதற்காகக் கம்பெனியைக் கலைக்கக் கேட்கலாம். கலைப்பில் டின்காரரின் பங்கு பூஜ்யம் என்று மேலே பார்த்தோம். அந்த ஆபத்தில் 8 கோடியோடு மாட்டிக்கொள்வது வங்கி. இவர் இரண்டாம் மாதத்திலேயே வாங்கிக்கொண்டு வெளியே நிற்பார். சின்னத் தொகைதான், ஆனாலும் காலத்தால் பாதுகாக்கப்பட்ட தொகை.

இடையில் ஒரு தடை வரலாம். ஒதுக்கப்பட்ட இயக்குநர்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் இடைக்காலத் தடை வாங்கினால் எல்லா நாள்களும் தள்ளிப்போகும். மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 15 நாள். அந்த 45 நாளும் கடந்துவிட்டால் ஆபத்து பெரும்பாலும் விலகும் என்று எழுதிக்கொடுத்தேன்.

இவரே மேல்முறையீடு போடலாமா? ஆபரேஷனல் கடனுக்கு விதித்த முறையில் இடம் தரவில்லை என்பது 61ஆம் பிரிவில் ஒரு காரணம்தான். சரக்குக் கடனை வங்கித் தவணைக்குப் பிறகு வைத்திருந்தாலோ, கீழ்வரம்புக் கணக்கில் தொழிலாளர் பங்கை வங்கிக்குக் கீழே இறக்கியிருந்தாலோ அது பேசும். இங்கே முன்னுரிமை இருக்கிறது, கீழ்வரம்பான பூஜ்யத்துக்கு மேலேயே தரப்பட்டிருக்கிறது. பேச ஒன்றுமில்லை.

கம்பெனிக்கு வெளியே ஒரு வழி

பேச்சு முடிந்து எழும்போதுதான் காசோலைகளைப் பற்றிச் சொன்னார். பெட்டிக்குள் இருந்ததைக் கடைசியில் எடுப்பதுதான் பொதுவாக நடக்கிறது. கம்பெனிக் காசோலைகள் மூன்று, மொத்தம் 9 லட்சம், இயக்குநர் ஒருவர் கையெழுத்திட்டவை. திவால் தொடங்குவதற்கு முன்பே பணமில்லை என்று திரும்பின. நோட்டீஸ் அனுப்பி, அவர்களுக்குரிய 15 நாளும் மொரட்டோரியத்துக்கு முன்பே கடந்திருந்தது. குழித்துறை நீதிமன்றத்தில் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கு நிலுவையில் இருக்கிறது. கம்பெனி திவாலானதால் அதுவும் போய்விட்டது என்று நினைத்து இரண்டு வாய்தாவுக்கு அவர் போகவே இல்லை.

போகாமல் இருந்ததுதான் தவறு. கம்பெனிமீதான வழக்குதான் மொரட்டோரியத்தில் நிற்கும், கையெழுத்திட்ட இயக்குநர்மீது தொடரலாம் என்று 2021 மார்ச்சில் மோகன்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்வுத் திட்டம் ஒப்புதலானாலும் அந்த இயக்குநரின் குற்றப் பொறுப்பு தீராது என்பது 2023 மார்ச்சில் அஜய் குமார் கோயங்கா வழக்கில் உறுதியானது. நோட்டீஸ் கெடு மொரட்டோரியத்துக்குப் பிறகு முடிந்திருந்தால் இயக்குநர் தரப்பு வேறு வாதம் வைக்கலாம். இவருடைய தேதிகள் அந்தச் சிக்கலில் இல்லை. வழக்கறிஞரிடம் அன்றைக்கே தொலைபேசியில் பேசி அடுத்த வாய்தாவைக் கேட்டுக்கொண்டார்.

இந்த 9 லட்சத்தை வரவாக எழுதவில்லை. அது நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது, இயக்குநரிடம் இன்று என்ன சொத்து இருக்கிறது என்பதும் தெரியாது. ஆனால் திட்டம் தரும் தொகையைவிட ஐந்து மடங்கு பெரிய எண் அது என்பதைச் சுருக்கத்தின் இரண்டாவது பத்தியிலேயே வைத்தேன்.

அவரிடம் கொடுத்த ஒரு பக்கத்தின் சாரம் இவ்வளவுதான்: பழைய சரக்குப் பாக்கி 36 லட்சத்துக்கு 1,62,000 முதல் 1,80,000 வரை. திவால் தொடங்கிய பிறகு கொடுத்த சரக்குக்கு 1,60,000 முழுசாக. புத்தகத்தில் நிற்கும் 40 லட்சத்துக்கு ஆக 3,22,000 முதல் 3,40,000 வரை, 8 முதல் 8.5 சதவீதம், தடை வராவிட்டால் ஆணையிலிருந்து 60 நாளுக்குள். காசோலை வழக்கு தனி. மீதியை வராக்கடனாகப் புத்தகத்தில் எழுதி வருமான வரியில் கழிக்கலாம், ஆடிட்டரிடம் ஆண்டு எது என்று முடிவுசெய்ய வேண்டும். அந்தப் பில்களுக்குக் கட்டிய ஜிஎஸ்டி திரும்பாது.

"மூணேகால் லட்சம்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, "டின் தகட்டுக்கே கடன் பாக்கி இதைவிடக் கூடுதலா இருக்கு" என்றார்.

சில நாள் கழித்து ஆலையை எடுத்தவரின் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பங்கை வாங்கிக்கொள்ள வங்கிக் கணக்கு விவரமும், முழுத் தீர்வு பெற்றதாக ஒரு ஒப்புதலும் கேட்டிருந்தார்கள். ஒப்புதலின் நான்காவது வரியில் கம்பெனிமீதும் அதன் முன்னாள், இந்நாள் இயக்குநர்கள்மீதும் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை, நிலுவையில் உள்ள வழக்குகளைத் திரும்பப் பெறுகிறேன் என்று இருந்தது. கம்பெனியைப் பொறுத்தவரை அது சரி, சட்டமே அப்படித்தான். இயக்குநர்களைப் பற்றிய சொற்களுக்குத் திட்டத்தில் எங்கும் ஆதாரம் இல்லை. தேடிப் பார்த்தேன். அந்தச் சொற்களை அடித்து, அடித்த இடத்தில் கையெழுத்திட்டு, திட்டத்தின்படி கம்பெனியிடமிருந்து பெற வேண்டிய பங்கை மட்டுமே ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார். 1,60,000 தனி வரவு என்றும், இதற்கும் அந்தப் பங்குக்கும் தொடர்பில்லை என்றும் இன்னொரு கடிதம் கூடவே போனது. திருத்திய ஒப்புதலை, திட்டம் நடப்பதைக் கவனிக்கும் மேற்பார்வைக் குழு ஏற்றதாகப் பதில் வந்திருக்கிறது. நடைமுறை நாளுக்கு இன்னும் சில நாள்கள் இருக்கின்றன.